இணைப்புப் பேச்சுக்கு முன் என்.டி.ஏ. வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

வார்ப்படம்72

எங்கள் அப்பா கோயமுத்தூரில் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். சப்மெர்சிபிள் பம்புக்கு இம்பெல்லர், மோட்டார் பாடி வார்த்துக் கொடுக்கிறோம், சொந்தப் பெயரிலும் கொஞ்சம் பம்பு விற்கிறோம். பிரைவேட் லிமிடெட். அப்பாவிடம் 51 சதவீதம், ஈரோட்டில் இருக்கும் பெரியப்பாவிடம் 30, மிச்சம் அத்தையிடம். இப்போது எங்களைவிடப் பெரிய ஒரு பம்பு கம்பெனி, ஷேர் மார்க்கெட்டில் லிஸ்ட் ஆனது, இரண்டு கம்பெனியையும் இணைக்கலாமா என்று பேச வந்திருக்கிறது. பேசுவதற்கு முன்னால் என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட வேண்டும் என்று 7 பக்க வரைவு அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பா "ரகசியம் காப்போம்னுதானே எழுதியிருக்கு, போட்டுக் கொடு" என்கிறார். படித்துப் பார்த்ததில் எனக்கு மூன்று இடம் உறுத்துகிறது. ஒன்று, எழுத்தில் கொடுத்து, மேலே ரகசியம் என்று முத்திரை குத்தியதுதான் ரகசியத் தகவலாம். இரண்டு, காலம் 1 வருஷம். மூன்று, "சட்டமோ பங்குச்சந்தை விதியோ கேட்டால், அல்லது சட்ட ஆலோசகர் உசிதம் என்று கருதினால்" வெளியிடலாமாம். இதெல்லாம் வழக்கமானதுதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டாம்நம்பர்

ரொம்ப யோசிக்காதீர்கள். இந்தியாவில் என்.டி.ஏ. வெறும் காகிதம்தான். 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. கையெழுத்துப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

பெஞ்சில்இருப்பவன்

நானும் இதில் மாட்டியவன். ஐ.டி. கம்பெனியில் சேரும்போது என்.டி.ஏ.வும் இரண்டு வருஷ பாண்டும் போடச் சொன்னார்கள். வெளியே வந்தபோது சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆறு மாதம் அலைக்கழித்தார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எதையும் கொடுக்காதீர்கள்.

வார்ப்படம்72

அண்ணா, இது வேலைக்குச் சேர்வதற்கில்லை. இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில்.

பெஞ்சில்இருப்பவன்

ஓ, சரி சரி. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். இருந்தாலும் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுக்காதீர்கள்.

மீட்டிங்மினிட்ஸ்

கம்பெனி செக்ரட்டரியாக 19 வருஷம் ஆகிறது. இணைப்பு, கையகப்படுத்தல் என்று இந்த மாதிரி வரைவுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ரெண்டாம்நம்பர் சொன்னது. பாதி சரி. 27ஆம் பிரிவு அடிப்பது போட்டியாகத் தொழில் செய்யாதே என்ற தடையை. "நான் காட்டியதை நான் சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து, வெளியே சொல்லாதே" என்பது தொழில் தடை அல்ல. அதை நீதிமன்றங்கள் மதிக்கின்றன. இன்னும் ஒன்று, வியாபார ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் உங்களுக்கு இருக்கும் பிடி.

வார்ப்படம், நீங்கள் மூன்று இடம் சொன்னீர்கள். எனக்கு நான்காவதாக ஓர் இடம் வேண்டும். தகவலை "எதற்காக" பயன்படுத்தலாம் என்று வரைவில் ஒரு வரி இருக்கும். பர்பஸ் என்றோ டிரான்சாக்ஷன் என்றோ பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும். அதை அப்படியே இங்கே போடுங்கள்.

வார்ப்படம்72

இருக்கிறது மேடம். தமிழில் சொன்னால், "இரு நிறுவனங்களையும் உட்படுத்திய எந்தவொரு சாத்தியமான பரிவர்த்தனையையும் மதிப்பிடுவதற்கும், அது தொடர்பான காரியங்களுக்கும்."

மீட்டிங்மினிட்ஸ்

நினைத்தேன். "உட்படுத்திய", அதாவது இன்வால்விங். இந்த ஒரு சொல்லுக்காக அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், உங்கள் மூன்று கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

மார்ட்டின் மரியெட்டா, வல்கன். இரண்டும் ஜல்லி கம்பெனிகள். வல்கன் அந்த நாட்டில் முதலிடம், மார்ட்டின் அடுத்த இடம். 2010 வசந்தத்தில் இணைப்பு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மே 3 அன்று என்.டி.ஏ., காலம் 2 வருஷம். அதே மாதம் 18ஆம் தேதி இன்னொரு ஒப்பந்தம். எந்தெந்த ஊரில் இருவரின் குவாரிகளும் அருகருகே இருக்கின்றன, போட்டிச் சட்டத்தில் எது சிக்கும் என்று இரு தரப்பு வக்கீல்களும் தகவலைப் பகிர்ந்து பார்ப்பதற்காகப் போட்டது அது.

அப்போது பயந்தது மார்ட்டின்தான். நாம் விற்பனைக்கு இல்லை, பெரியவன் நம்மை விழுங்கிவிடக் கூடாது என்பது அதன் தலைவர் வார்ட் நையின் கவலை. அதனால் மார்ட்டினின் தலைமை வக்கீலே வரைவை இறுக்கினார். இரு நிறுவனங்களை "உட்படுத்திய" இணைப்பு என்று இருந்ததை, இரு நிறுவனங்களுக்கு "இடையிலான" இணைப்பு என்று மாற்றினார். இன்வால்விங் போய் பிட்வீன் வந்தது.

அப்புறம் காற்று திசை மாறியது. கட்டுமானத் தொழில் படுத்தபோது வல்கனுக்குத்தான் அடி அதிகம், மார்ட்டின் தேவலையாக நின்றது. பேச்சு முறிந்தது. 2011 டிசம்பர் 12 அன்று மார்ட்டின் வல்கனின் போர்டைத் தாண்டி, நேராக அதன் பங்குதாரர்களிடமே போனது. உங்கள் ஒரு பங்குக்கு எங்கள் அரைப் பங்கு தருகிறோம், வாருங்கள் என்று. வல்கனின் போர்டில் தன் ஆட்களை உட்காரவைக்க ஓட்டுப் போட்டியும் தொடங்கியது. பிடிக்காத இடத்தில் பெண் கேட்டுப் போனதோடு நிற்காமல் ஊரையே கூட்டிய கதை.

வல்கன் கோர்ட்டுக்குப் போனது. என்.டி.ஏ.யில், "இத்தனை நாள் எங்கள் பங்குகளை வாங்க முயலாதே" என்று சொல்லும் ஸ்டாண்ட்ஸ்டில் ஷரத்து இல்லவே இல்லை. அதனால் எங்களை எப்படித் தடுக்க முடியும் என்றது மார்ட்டின். டெலவேர் மாநில நீதிபதி லியோ ஸ்ட்ரைன் கேட்ட கேள்வி வேறு. வல்கனின் உள்தகவலைப் பார்த்தாய், அதை வைத்துத்தானே இந்தக் கணக்கைப் போட்டாய்? அந்தத் தகவல் "இருவருக்கு இடையிலான" இணைப்புக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. ஒருவர் மறுக்க மறுக்க இன்னொருவர் இழுத்துப் போவது இடையிலானது ஆகுமா? அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் சொல்லலாம் என்று ஏற்றுக்கொண்டு, யார் எதற்காக அதை மாற்றினார் என்ற பழைய வரைவுகளையும் கடிதங்களையும் அவர் பார்த்தார். மார்ட்டின் தனக்காகச் செய்த பூட்டு அதன் கையிலேயே விழுந்தது.

உங்கள் வரைவில் பூட்டு திறந்தே இருக்கிறது. "எந்தவொரு பரிவர்த்தனையும்", "உட்படுத்திய", "தொடர்பான காரியங்களும்". மூன்றும் வெளியே போகிற கதவுகள்.

ரெண்டாம்நம்பர்

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஷேர் மார்க்கெட் கம்பெனிகள். வார்ப்படம் கம்பெனியின் ஷேரை யார் தெருவில் வாங்கப் போகிறார்கள்?

பழையஆடிட்டர்

தெருவில் வாங்க வேண்டாம் தம்பி, ஈரோட்டில் வாங்கலாம். பெரியப்பாவிடம் 30 இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அத்தையின் 19ஐயும் சேர்த்தால் 49. குடும்பக் கம்பெனிகளில் நான் பார்த்தவரை சண்டையின் கதவு அதுதான். பேச்சு நடக்கும்போது கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் பங்குக்கு இவ்வளவு மதிப்பு வரும், தம்பி உங்களிடம் சொன்னாரா?" என்று போய்க் கேட்டால் போதும். இன்னொரு கதவு பேங்க். கடன் எவ்வளவு, எது எப்போது கட்ட வேண்டும் என்பது தெரிந்தவனுக்கு நெருக்கத் தெரியும். மூன்றாவது உங்கள் மோல்டிங் மேஸ்திரி.

மீட்டிங்மினிட்ஸ்

ஆடிட்டர் சார் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு. லிஸ்ட்டட் கம்பெனிக்கு ஸ்டாண்ட்ஸ்டில் எப்படியோ, அப்படி உங்களுக்கு ஒரு தொடர்புத் தடை. பேச்சு நடக்கும் காலமும் அதற்குப் பிறகு 12 அல்லது 18 மாதமும், அப்பாவின் எழுத்து அனுமதி இல்லாமல் எங்கள் பங்குதாரர், கடன் கொடுத்தவர், சப்ளையர் யாரையும் இந்த விஷயமாக அணுகக் கூடாது. பங்கையோ கடனையோ வாங்கக் கூடாது. இதைத் தனி ஷரத்தாக எழுதுங்கள். மார்ட்டின் வழக்கில் ஸ்டாண்ட்ஸ்டில் இல்லாமலே வல்கன் ஜெயித்தது உண்மைதான், ஆனால் அதற்கு முழு விசாரணை, சாட்சி, பழைய ஈமெயில் எல்லாம் தேவைப்பட்டது. எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

மேஸ்திரி விஷயம் கொஞ்சம் வழுக்கும். "ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கக் கூடாது" என்று எழுதுவார்கள். குறுகிய காலத்துக்கு, இந்தப் பேச்சில் அறிமுகமான குறிப்பிட்ட ஆட்களுக்கு என்றால் நான் போடுவேன். மொத்தத் தொழிலாளிகளுக்கும் போட்டால் 27ஆம் பிரிவும் வரும், போட்டிச் சட்டமும் எட்டிப்பார்க்கும்.

ரெண்டாம்நம்பர்

பார்த்தீர்களா, 27 வந்துவிட்டது.

மீட்டிங்மினிட்ஸ்

வந்தது, அந்த மூலைக்கு மட்டும்.

ஸ்கார்பரோவாசி

டொரொண்டோவிலிருந்து. இங்கேயும் இதே மாதிரி ஒன்று நடந்தது. பிளாக்பெர்ரி செய்த ரிம் கம்பெனி, செர்ட்டிகாம் என்ற சிறிய மறைகுறியாக்கக் கம்பெனியுடன் என்.டி.ஏ. போட்டுப் பேசியது. முதல் ஒப்பந்தத்தில் ஸ்டாண்ட்ஸ்டில் இருந்தது, அதன் காலம் முடிந்துவிட்டது. அது முடிந்ததே என்று 2008 டிசம்பரில் பங்குக்கு 1.50 டாலர் என்று நேராகப் பங்குதாரர்களிடம் போனார்கள். 2009 ஜனவரியில் ஒண்டாரியோ கோர்ட் தடுத்துவிட்டது. ஸ்டாண்ட்ஸ்டில் முடிந்தாலும் தகவலை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு முடியவில்லை என்றது. அப்புறம் வெரிசைன் 2.10 டாலர் தர வந்தது, கடைசியில் ரிம்மே 3 டாலர் கொடுத்து, போர்டின் சம்மதத்தோடு வாங்கியது. அந்த என்.டி.ஏ. பங்குதாரர்களுக்கு இரண்டு மடங்கு சம்பாதித்துக் கொடுத்தது என்று இங்கே வக்கீல் நண்பர் சொல்லிச் சிரிப்பார்.

வார்ப்படம்72

இப்போதுதான் புரிகிறது. அப்பாவிடம் பெரியப்பா விஷயத்தைச் சொன்னேன், முகம் மாறிவிட்டது. சரி, அடுத்து அந்த "சட்டம் கேட்டால் வெளியிடலாம்" என்பது. அவர்கள் லிஸ்ட்டட் கம்பெனி, செபி விதி இருக்கிறது, அதை நான் எப்படி வேண்டாம் என்பது?

மீட்டிங்மினிட்ஸ்

வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் "சட்டம் கேட்டால்" என்பதில் இரண்டு விதம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்பது ஒன்று. கோர்ட் சம்மன், வரித்துறை, செபி கடிதம். நாமே ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, செய்ததால் சட்டம் கேட்கிறது என்பது இன்னொன்று.

மார்ட்டின் இரண்டாவதைத்தான் செய்தது. பங்குகளை மாற்றிக்கொள்ளும் ஆஃபர் போட்டால், முன்பு என்ன பேசினோம் என்று அமெரிக்கப் பத்திரச் சட்டப்படி ஆவணத்தில் சொல்ல வேண்டும். "சட்டம் கேட்டது, அதனால் சொன்னோம்" என்று இணைப்புப் பேச்சின் உள்விஷயங்களை எழுதினார்கள். நீதிபதி ஒப்பவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பத்தி "சட்டப்படி தேவையானால் தவிர" என்றது. அடுத்த பத்தி, வெளியார் கேட்கும் நிலை வந்தால் எதிர்த்தரப்புக்கு உடனே தெரிவி, அவர்கள் தடுக்க நினைத்தால் தடுக்கட்டும், தவிர்க்க முடியாத அளவு மட்டும் கொடு என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நீயே வலியப் போய் உண்டாக்கிக்கொண்ட கடமை இதில் சேராது என்பது அவர் முடிவு. மேலும் மார்ட்டின் சட்டம் கேட்டதற்கு மேலேயும் பேசியது. பத்திரிகைக்கும் முதலீட்டாளர்களுக்கும் சொன்னதைச் சட்டத்தின் தலையில் போட முடியவில்லை.

ஆகவே உங்கள் வரைவில் முதலில் அடிக்க வேண்டியது "உசிதம் என்று சட்ட ஆலோசகர் கருதினால்". உசிதம் என்பது விருப்பம். அந்த இடத்தில் "தன் சுயமான செயலால் ஏற்படாத சட்டக் கட்டாயம்" என்று எழுதுங்கள். சட்டம் அனுமதிக்கும் வரை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது, வாசகத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது, குறைந்தபட்சம் மட்டும் வெளியிடுவது, இந்த மூன்றும் கூடவே வர வேண்டும்.

செபி பக்கம் நடைமுறை என்னவென்றால், வெறும் பேச்சுவார்த்தையை ஒரு லிஸ்ட்டட் கம்பெனி அறிவிக்க வேண்டியதில்லை. போர்டு முடிவெடுத்தால்தான் கடிகாரம் ஓடும். பொதுவாக மீட்டிங் முடிந்து அரை மணி நேரம், சந்தை நேரம் முடிந்த பின் மீட்டிங் முடிந்தால் 3 மணி நேரம். ஆகவே உங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்றால் "முந்தின நாளே வாசகத்தை அனுப்பு" என்று எழுதுங்கள். அரை மணி நேரத்தில் யாரும் உங்கள் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அவர்கள் உங்கள் அப்பாவின் பான் நம்பரைக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். பங்கு விலையை அசைக்கக்கூடிய வெளிவராத தகவலை யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு டிஜிட்டல் பதிவேடு வைக்க வேண்டும் என்பது செபியின் உள்வர்த்தகத் தடுப்பு விதி. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியதும், அவர்கள் பங்கை வீட்டில் யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். அத்தை பையன் டிரேடிங் ஆப்பில் விளையாடுபவராக இருந்தால் முதலில் அவரிடம்.

பெஞ்சில்இருப்பவன்

லிஸ்ட்டட் கம்பெனி பற்றி வதந்தி வந்தால் 24 மணி நேரத்தில் ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும் என்று படித்தேனே? அப்போது என்.டி.ஏ. உடைந்துவிடாதா?

மீட்டிங்மினிட்ஸ்

நல்ல கேள்வி, இந்தத் தடவை தலைப்புக்குள் இருக்கிறீர்கள். அந்த விதி சந்தை மதிப்பில் மேலே இருக்கும் கம்பெனிகளுக்குத்தான். 2024 ஜூனில் முதல் 100க்கும், டிசம்பரில் முதல் 250க்கும் வந்தது. பங்கு விலை குறிப்பிட்ட அளவு அசைந்திருக்கவும் வேண்டும். வார்ப்படத்திடம் வந்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளட்டும். இருந்தால் அது வெளிக்கட்டாயம்தான், அனுமதித்தே ஆக வேண்டும். ஆனால் செய்தியைக் கசியவிட்டவன் அவர்கள் ஆளாக இருந்தால் என்ன? இதற்கு எனக்கே திருப்தியான வாசகம் கிடைத்ததில்லை.

பழையஆடிட்டர்

ரகசியத் தகவல் எது என்ற விஷயத்தை யாரும் தொடவில்லையே. முத்திரை குத்திய காகிதம் மட்டும் என்றால் ஃபவுண்டரியில் பாதி விஷயம் வெளியே போய்விடும். அவர்கள் ஆட்கள் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிப் பார்ப்பார்கள். ரன்னரும் ரைசரும் எங்கே வைக்கிறீர்கள், கோர் மணலில் என்ன கலக்கிறீர்கள், ரிஜெக்ஷன் குவியல் எவ்வளவு உயரம். கண் இருக்கிறவனுக்கு அது போதும். யாரும் காகிதம் கேட்கமாட்டார்கள்.

வார்ப்படம்72

உண்மை. எங்கள் ரிஜெக்ஷன் குறைவதற்குக் காரணமே, உருகிய உலோகம் அச்சுக்குள் போகும் வழியை அமைக்கும் கேட்டிங் டிசைன்தான். அது டிராயிங்கில்கூட முழுசாக இல்லை, அப்பாவும் மேஸ்திரியும் பேட்டர்னில் கை வைத்துச் சரிசெய்தது.

மீட்டிங்மினிட்ஸ்

அப்படியானால் "எழுத்தாலோ, வாயாலோ, பார்வையாலோ, நேரில் வந்ததாலோ தெரிந்துகொண்ட எதுவும், முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று மாற்றுங்கள். அந்தத் தகவலை வைத்து அவர்கள் தயாரிக்கும் நோட், எக்ஸெல், போர்டு குறிப்பு எல்லாமும் அதில் சேர வேண்டும். பேச்சு நடக்கிறது என்ற விஷயமும் ரகசியம்தான். உங்கள் டீலர் காதில் அது விழுந்தால் அடுத்த மாத ஆர்டரை நிறுத்திப் பார்ப்பார்.

அவர்கள் பதிலுக்கு விதிவிலக்கு கேட்பார்கள். எங்களுக்கு முன்பே தெரிந்தது, நாங்களே சுயமாகக் கண்டுபிடித்தது. கொடுங்கள், ஆனால் "அந்தத் தேதிக்கு முந்தைய எழுத்துப் பதிவால் நிரூபித்தால்" என்ற வாலோடு. போட்டிக் கம்பெனி ஆறு மாதம் கழித்து உங்கள் மாதிரியே ஒரு கேட்டிங் போட்டுவிட்டு "எங்களுக்கும் தோன்றியது" என்று சொல்லும் இடம் அது.

காட்டாமல் இருப்பதும் ஒரு வழிதான். நீங்கள் இருவரும் ஒரே சந்தையில் பம்பு விற்கிறீர்கள். எந்தக் கஸ்டமருக்கு என்ன ரேட் என்பதை அவர்கள் சேல்ஸ் மேனேஜரிடம் கொடுத்தால் என்.டி.ஏ. காப்பாற்றாது. இணைப்பு நடக்கும் நாள் வரை நீங்கள் போட்டியாளர்கள், விலைத் தகவல் பரிமாற்றம் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் பிரச்சினை ஆகலாம். அதற்குத் தனிக் குழு வைப்பார்கள். அவர்கள் வக்கீல், வெளி ஆலோசகர், விலை நிர்ணயத்தில் சம்பந்தமில்லாத ஓரிருவர். பெயர் பெயராகப் பட்டியல். அந்தக் குழு முழு ரேட்டைப் பார்க்கும், மேலே போகும் அறிக்கையில் மொத்தக் கூட்டல் மட்டும் இருக்கும். வல்கன் வழக்கின் இரண்டாவது ஒப்பந்தம் ஏறக்குறைய இந்த வேலைக்குத்தான்.

ரெண்டாம்நம்பர்

காலம்? 1 வருஷம் போதாது என்று எனக்கே தெரிகிறது. 5, 10 என்று போட்டுவிட வேண்டியதுதானே.

மீட்டிங்மினிட்ஸ்

ஒரே எண்ணைத் தேடாதீர்கள், எந்தத் தகவல் எப்போது பழசாகும் என்று பாருங்கள். ரேட் லிஸ்ட் ஒன்றரை வருஷத்தில் செத்துவிடும். டீலர் பட்டியலுக்கு 2, 3 வருஷம். கேட்டிங் டிசைனுக்கு வயசே இல்லை. அதற்கு "ரகசியமாக இருக்கும் வரை" என்றுதான் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் 5 என்று போட்டால், ஆறாவது வருஷம் உங்கள் கேட்டிங்கை அவர்களே ஒப்பந்தப்படி பயன்படுத்தலாம் என்று வாதம் வரும்.

வல்கன் வழக்கில் தீர்ப்பு வந்தது 2012 மே 4. என்.டி.ஏ. முடிந்தது மே 3. ஒரு நாள்! காலம் முடிந்துவிட்டதே என்று கைவிடவில்லை. காலத்துக்குள் மீறியது ஏறக்குறைய நான்கு மாதம், அதனால் இனிமேல் நான்கு மாதம் நில் என்றார் நீதிபதி. வல்கனின் பொதுக்குழு ஜூன் 1. அந்த வருஷ ஓட்டுப் போட்டி அதோடு போயிற்று. மே 31 அன்று டெலவேர் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. பணமாக நஷ்டஈடு ஒரு டாலர்கூட இல்லை, வெறும் காலம்தான். ஆனால் மார்ட்டினுக்கு வலித்தது அந்தக் காலம்தான்.

அதற்கு உதவிய ஒரு ஷரத்தும் இருந்தது. "மீறினால் பணத்தால் ஈடுசெய்ய முடியாது, தடை உத்தரவு கேட்கலாம்" என்று இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டது. உங்கள் வரைவில் இருக்கிறதா பாருங்கள். இங்கே நீதிபதி அதற்குக் கட்டுப்பட மாட்டார், ஆனாலும் இருக்கட்டும்.

பழையஆடிட்டர்

எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். பிரித்துப் பிரித்துக் காலம் போட்டால், எது எந்த வகை என்பதில் சண்டை வரும். நான் சின்னக் கம்பெனிகளுக்கு ஒரே கோடாக 5 வருஷம் போடுவேன், முக்கியமானதைக் காட்டவே மாட்டேன்.

மீட்டிங்மினிட்ஸ்

காட்டாமல் விலை எப்படிக் கேட்பீர்கள் சார்? அந்தக் குறைந்த ரிஜெக்ஷனுக்குத்தானே அவர்கள் வந்திருக்கிறார்கள்.

பழையஆடிட்டர்

ரிஜெக்ஷன் சதவீதத்தைக் காட்டலாம், காரணத்தைக் காட்ட வேண்டாம். அது இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்து ஆன பிறகு.

வார்ப்படம்72

(மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வந்தேன். "இடையிலான, இருவரும் சம்மதித்துச் செய்யும் இணைப்பு" என்பதை ஒரே மெயிலில் ஒத்துக்கொண்டார்கள். "உசிதம்" போய்விட்டது. முத்திரை போய்விட்டது, ஆனால் நேரில் பார்த்ததைப் பத்து நாளுக்குள் ஒரு மெயிலில் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். சரி என்றோம், ஃபவுண்டரிக்குள் வருவதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். காலம் பொதுவாக 3 வருஷம், டிராயிங்குக்கும் செய்முறைக்கும் வரம்பு இல்லை. யார் யாருக்குக் காட்டலாம் என்பதில் அவர்கள் "கடன் தரக்கூடியவர்கள்" என்று சேர்த்திருந்தார்கள். எங்கள் பேங்கே அதில் வந்துவிடும் என்று அப்பா பிடித்துக்கொண்டார், அதை எங்கள் சம்மதத்தோடு மட்டும் என்று மாற்றினோம்.

பங்குதாரரை அணுகக் கூடாது என்ற ஷரத்துக்குத்தான் இழுத்தார்கள். 12 மாதம் கேட்டோம், 6க்கு வந்து நிற்கிறார்கள். இதற்கிடையில் நேற்று பெரியப்பா போன் செய்தார். போன மாதமே யாரோ ஒரு புரோக்கர் அவரிடம், உங்கள் பங்கைக் கொடுக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டாராம். யாருக்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லையாம்.

மீட்டிங்மினிட்ஸ்

போன மாதம் எந்தத் தேதி? வரைவு உங்களுக்கு வருவதற்கு முன்பா, பின்பா?

வார்ப்படம்72

முன்பு. ஒரு வாரம் முன்பு.

மீட்டிங்மினிட்ஸ்

அப்படியானால் இந்த என்.டி.ஏ.யில் அது வராது, அவர்களாகவே இருந்தாலும். உங்கள் கம்பெனியின் உள்விதிகளான ஆர்டிகிள்ஸை எடுங்கள். பிரைவேட் கம்பெனி என்பதால் பங்கு மாற்றத்துக்கு ஏதாவது கட்டுப்பாடு அதில் இருந்தே ஆக வேண்டும். வெளியாருக்கு விற்கும் முன் மற்றப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறதா, எத்தனை நாள் அவகாசம், விலையை யார் நிர்ணயிப்பது என்று பாருங்கள். பழைய கம்பெனிகளில் ஏதோ ஒரு டெம்ப்ளேட்டை அப்படியே போட்டிருப்பார்கள், விலைக்கு வழியே இருக்காது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவை ஒருமுறை ஈரோட்டுக்கு நேரில் போகச் சொல்லுங்கள், போனில் வேண்டாம்.